அடை மாவு புளிக்க வேண்டுமா?

வங்கியில் இருந்த காலத்தில் ஒரு கணக்கு இடித்தால், அது எந்த நாளில், எந்த வரவில் இடித்தது என்று கண்டுபிடிக்கும் வரை வீட்டுக்குப் போக மாட்டோம். அந்தப் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை. போன பங்குனியில் 8 கிலோ அடை மாவு எங்களுக்குக் கெட்டுப்போனது. அது எங்கே இடித்தது என்று தேடிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நிலம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல். மானாவாரிதான். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பாசியும் போடுவோம், ஊடே துவரை, ஈரம் நின்றால் ஒரு பக்கம் கொண்டைக்கடலை. நெல் மட்டும் நம்மிடம் கிடையாது. தாமிரபரணிப் பாசனத்தில் இயற்கை விவசாயம் செய்யும் நண்பர் ஒருவரிடம் மாப்பிள்ளைச் சம்பா புழுங்கல் அரிசி, தவிடு நீக்காமல் வாங்கிக்கொள்வோம். இத்தனை பருப்பும் கையில் இருக்கும்போது அப்படியே மூட்டையாக விற்பதைவிட அடையாகப் போட்டு விற்றால் என்ன என்று வீட்டில் சொன்னார்கள். மாதம் ஒருமுறை பக்கத்து ஊரில் எங்கள் குழு நடத்தும் சந்தையில் தை மாதம் கடை போட்டோம்.

முதல் மாதமே ஒரு புகார் வந்தது. "அடை நல்லாத்தான் இருக்கு, ஆனா பல்லுல மண்ணு கடிபடுது" என்றார்கள். நாங்கள் துவரையைப் பழைய முறைப்படி செம்மண் கட்டி, காயவைத்து, திருகையில் உடைக்கிறவர்கள். மண் சரியாகக் கழுவவில்லை போல என்று எல்லாரும் நினைத்தார்கள், நாங்களும் நினைத்தோம். ஆனால் மறுநாள் அதே பருப்பில் சாம்பார் வைத்தபோது ஒரு கடியும் இல்லை. அப்படியானால் கடிபட்டது அரிசியாகத்தான் இருக்க வேண்டும், ஊறவில்லை என்று முடிவு கட்டினோம். தை மாதம் அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டு 3 மணி நேரம் ஊறவைத்திருந்தோம். எனவே பங்குனிச் சந்தைக்கு முந்தின இரவு 8 மணிக்கே எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் ஊறப்போட்டுவிட்டோம். காலை 5 மணிக்கு அரைத்தோம். அடை சுடுவதோடு, அரை அரைக் கிலோவாக 16 பைகளில் மாவும் கட்டி எடுத்துப்போனோம்.

பத்து மணிக்குள் 11 பை விற்றது. மத்தியானத்துக்கு மேல் கைபேசி ஓயவில்லை. பை உப்பிக்கொண்டு வருகிறது, மாவு புளித்துவிட்டது, புளித்ததோடு ஒரு ஊசல் வாடையும் அடிக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டதுதான் மனதில் தைத்தது. "சார், மருந்தடிக்காத பருப்புங்கிறதாலதான் இப்படிச் சீக்கிரம் கெடுதோ?" பணம் போனது பெரிதில்லை. நம் பருப்பின் மேல் பழி விழுந்தால் அடுத்த சந்தையில் பருப்பையும் எவரும் தொட மாட்டார்கள்.

பக்கத்துத் தோட்டத்துச் சித்திக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "ஏய்யா, அரிசியையும் பருப்பையும் ஒண்ணாவா ஊறப்போட்டிய?" ஆமாம் என்றேன். "அரிசிக்கு ஒரு நேரம், பருப்புக்கு ஒரு நேரம்லா. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டா ஒண்ணு வேகாது, ஒண்ணு கெட்டுப்போவும்" என்றாள்.

ஊறும் நேரம் இரண்டு

கடையில் வாங்கும் தீட்டிய அரிசியில் அடை செய்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியாது. அந்த அரிசியும் பருப்பும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், மூன்று மணி நேரத்தில் ஊறிவிடும். அதனால்தான் சமையல் குறிப்புகளில் எல்லாவற்றையும் சேர்த்து ஊறவைக்கச் சொல்கிறார்கள். நம் கையில் இருப்பது தவிட்டோடு கூடிய அரிசி. தவிட்டுத் தோல் தண்ணீரை மெல்லத்தான் உள்ளே விடும். மாப்பிள்ளைச் சம்பா புழுங்கலுக்கு 7 முதல் 8 மணி நேரம் தேவைப்படுகிறது. தோல் நீக்கி உடைத்த பருப்புக்கோ இரண்டரை, மூன்று மணி நேரம் போதும்.

இரண்டையும் ஒன்றாக 3 மணி நேரம் ஊறவைத்தால் அரிசியின் நடுப்பகுதி காய்ந்தே இருக்கும். அதைக் கொரகொரப்பாக அரைக்கும்போது அந்தக் காய்ந்த துண்டு அப்படியே நிற்கும். கல்லில் அடை வேகும் ஐந்து நிமிடத்தில் அது வேகாது. தை மாதம் பல்லில் கடிபட்ட "மண்" அதுதான். ஒன்றாக 9 மணி நேரம் ஊறவைத்தால் அரிசி சரியாகிவிடும், ஆனால் பருப்பு தண்ணீரிலேயே புளிக்க ஆரம்பித்துவிடும். பங்குனி இரவில் அந்த அண்டாவின் மேல் வெள்ளையாக நுரை கட்டியிருந்ததை நாங்கள் பார்த்தோம், பருப்பு நுரைதானே என்று விட்டுவிட்டோம். அரைக்கும் முன்பே மாவு பாதி புளித்திருந்தது. அதைப் பையில் கட்டி வெயிலில் வைத்தால் என்ன ஆகும்?

ஊறியதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஓர் அரிசியை எடுத்து நகத்தால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் மாவு போல வெள்ளையாகக் காய்ந்த கோடு தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். பருப்பில் கடலைப் பருப்புதான் கடைசியாக ஊறும், எனவே அதை மட்டும் பார்த்தால் போதும். நகம் வைத்ததும் சத்தமில்லாமல் இரண்டாக வந்தால் எடுத்துவிடலாம். பருப்பு ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் விட்டுத்தான் அரைக்க வேண்டும். பருப்பில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். அடை தின்றால் வயிறு உப்புகிறது என்பவர்களுக்கு இதுவே பாதி வைத்தியம். செம்மண் கட்டிய துவரை என்றால் ஊறப்போடும் முன்பே நான்கைந்து தண்ணீர் கழுவி, அரித்து எடுத்துவிடுங்கள்.

ஐந்து பேருக்கு ஓர் அளவு

இப்போது எங்கள் வீட்டில் செய்யும் அளவைச் சொல்கிறேன். புழுங்கல் அரிசி 2 டம்ளர். துவரம் பருப்பு அரை டம்ளர், கடலைப் பருப்பு அரை டம்ளர், உளுந்து கால் டம்ளர், பாசிப் பருப்பு கால் டம்ளர். ஆக அரிசி இரண்டுக்குப் பருப்பு ஒன்றரை. 200 மில்லி டம்ளராக இருந்தால் 12 முதல் 14 அடை வரும். வத்தல் மிளகாய் 8, பட்டாணி அளவு கட்டிப் பெருங்காயம், கல் உப்பு, கறிவேப்பிலை.

ஒவ்வொரு பருப்புக்கும் ஒரு வேலை இருக்கிறது. துவரை மணமும் நிறமும் தரும். கடலைப் பருப்பு கடிக்கத் தரும், ஓரத்து மொறுமொறுப்பும் அதனால்தான். பாசி மென்மை தரும். உளுந்து இவை எல்லாவற்றையும் பிடித்து வைக்கும் பசை. பசை கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும், கூடினால் அடை தோசையாகிவிடும். தோல் உளுந்தாக இருந்தால் தோலை முழுக்க நீக்க வேண்டாம், கொரகொரப்புக்கு அதுவும் சேரட்டும். ஏதாவது ஒரு பருப்பு இல்லையென்றால் துவரையைக் கூட்டிக்கொள்ளலாம். மொத்தப் பருப்பு அரிசியைத் தாண்டிப் போனால் அடை ஆறியதும் வறண்டு கெட்டியாகிவிடும்.

சாயந்திரப் பலகாரத்துக்கு அடை என்றால், காலை 8 மணிக்கு அரிசியை வத்தலோடு ஊறப்போடுவோம். மத்தியானம் 1 மணிக்குப் பருப்புகளைத் தனிப் பாத்திரத்தில் ஊறப்போடுவோம். 4 மணிக்கு அரைத்தால் 5 மணிக்கு அடை. காலையில் வேண்டும் என்றால் அரிசியை முந்தின இரவும், பருப்பை விடியற்காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரிலும் போட்டால் இரண்டு மணி நேரத்தில் ஊறிவிடும்.

ஏன் கொரகொரப்பு?

ஆட்டுக்கல்லோ கிரைண்டரோ மிக்சியோ, முறை ஒன்றுதான். முதலில் வத்தல், உப்பு, பெருங்காயத்தைக் கைப்பிடி அரிசியோடு நைசாக அரைக்கவும். அடுத்து மீதி அரிசியைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, சன்ன ரவைப் பதத்துக்கு அரைக்கவும். கடைசியில்தான் பருப்பு. அது அரிசியைவிட ஒருபடி பெரிதாக, கோதுமை ரவை போல நின்றால் போதும். மிக்சி என்றால் பருப்புக்கு விட்டு விட்டு நாலைந்து சுற்று, அவ்வளவுதான். ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் கூழாகிவிடும், மாவும் சூடேறும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை டம்ளருக்கு மேல் தண்ணீர் போகாது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் தோசை மாவு போல ஒழுகக் கூடாது, திட்டுத் திட்டாக விழ வேண்டும்.

இட்லி மாவுக்குள் காற்று இருக்கிறது. புளிக்கும்போது உண்டாகும் குமிழிகள் அதை இளக்கி வைக்கின்றன. அடை மாவில் அந்தக் காற்று கிடையாது. காற்று செய்யும் வேலையை இங்கே கொரகொரப்பு செய்கிறது. ரவை ரவையாக இருக்கும் துண்டுகளுக்கு நடுவே சந்து இருக்கும். கல்லில் போட்டதும் ஆவி அந்தச் சந்து வழியே வெளியேறும், ஓரத்திலும் நடுவில் போடும் ஓட்டையிலும் விடும் எண்ணெய் அந்தச் சந்து வழியே உள்ளே இறங்கும். நைசாக அரைத்துவிட்டால் சந்து அடைபட்டுவிடும். மேல்பக்கம் சிவந்துவிடும், உள்ளே பச்சை மாவு வாடை அடிக்கும், ஆறினால் செருப்புத் தோல் போல இழுபடும்.

அதற்காக மிகப் பருமனாகவும் விடக் கூடாது. பிடிக்கப் பசை இருக்காது. கிண்ணத்தில் மாவு அடியில் தங்கி மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும், ஊற்றினால் ஓரம் வெடிக்கும், திருப்பினால் உடையும். இரண்டுக்கும் மாற்று உண்டு. உடையும் மாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நைசாக அரைத்துத் திரும்பக் கலந்தால் அதுவே பசையாகிவிடும். நைசாகிப்போன மாவுக்கு, அரைமணி நேரம் ஊறிய பச்சரிசி நொய் ஒரு கைப்பிடி கலந்தால் ஓரளவு சரியாகும். முழுதும் பழைய பதத்துக்கு வராது.

மூன்று சட்டிச் சோதனை

இனி தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். சித்தி சொன்னபடி தனித்தனியாக ஊறவைத்து அரைத்தோம். ஆனால் புளிக்க வைத்தால் நல்லதா, கெட்டதா என்று எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. என் மனைவியின் தாய்வீட்டில் அடை மாவை இரவு முழுக்க வைப்பார்களாம். எனவே பங்குனிக் கடைசியில் ஒரு நாள் காலை 6 மணிக்கு அரைத்த மாவை மூன்று சட்டிகளில் பிரித்துத் திண்ணை நிழலில் வைத்தேன். பக்கத்திலேயே அன்றைக்கு அரைத்த இட்லி மாவு ஒரு கிண்ணம். நேரத்தையும் கண்டதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதல் சட்டி மாவை ஆறரைக்கு ஊற்றினோம். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, பருப்பு மணத்தோடு வந்தது. இரண்டாவது சட்டியைப் பத்தரைக்கு எடுத்தபோது லேசான புளிப்பு ஏறியிருந்தது. அடை மோசமில்லை, ஆனால் துவரை மணம் மட்டுப்பட்டிருந்தது. மூன்றாவதை மாலை 4 மணிக்குத் திறந்தோம். மாவு ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது, கரண்டி விட்டுக் கலக்கியதும் அப்படியே அமுங்கிவிட்டது. அடை புளித்தது, மொறுமொறுப்பு இல்லை, கடலைப் பருப்பில் ஊசல் வாடை தொடங்கியிருந்தது. அதே நேரத்தில் இட்லி மாவு கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டு நின்றது, கலக்கியபோதும் முழுக்க அமுங்கவில்லை.

காரணம் உளுந்து. இட்லி மாவைப் புளிக்கவைப்பது லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள். அவை தானியத்திலும் உளுந்திலும் இயல்பாகவே ஒட்டியிருப்பவை. அவை புளிப்பையும் காற்றையும் உண்டாக்கும். ஆனால் அந்தக் காற்றைப் பிடித்து வைப்பது நைசாகப் பொங்கப் பொங்க அரைத்த உளுந்தின் வழவழப்பு. இட்லியில் அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று. நம் அடையில் அரிசி எட்டுக்கு உளுந்து ஒன்று, அதுவும் கொரகொரப்பாக அரைத்தது. காற்று உண்டானாலும் தங்காது. ஆக அடை மாவைப் புளிக்கவைத்தால் இட்லியில் கிடைக்கும் இளக்கம் வராது, புளிப்பு மட்டும் மிஞ்சும். அந்தப் புளிப்பு பிடிக்கும் என்பவர்கள் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. என் மனைவியின் தாய்வீட்டில் இரவு முழுக்க வைத்தது ஏன் என்று விசாரித்தால், அங்கே உளுந்தைக் கூடப் போட்டு நைசாகவும் அரைப்பார்களாம். அது அடை பாதி, தோசை பாதி. அதற்குப் புளிப்பு பொருந்தும்.

நம் அடைக்குத் தேவை அரைமணி நேரம் அமைதியாக வைப்பது மட்டுமே. அரைத்த ரவைத் துண்டுகள் அந்த நேரத்தில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், மாவு சமனாகும். மிஞ்சிய மாவைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை நிற்கும். வெங்காயம், முருங்கைக்கீரை, தேங்காய்ப்பல் இவற்றை அன்றைக்கு ஊற்றப்போகும் மாவில் மட்டும் கலக்கவும். அவை கலந்த மாவு வேகமாகக் கெடும். நல்ல புளிப்பு வாடை மோரை நினைவூட்டும். ஊறிய பருப்பு அழுகும் வாடை வந்தால் அதை அடுப்பேற்ற வேண்டாம், குப்பைக் குழிக்குப் போகட்டும்.

ஊற்றும்போது கல் நன்றாகக் காய்ந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். சற்றுக் கனமாகத் தேய்த்து, நடுவில் ஓர் ஓட்டை போட்டு, மரச்செக்கு எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் மூன்று மூன்று நிமிடம் பொறுமையாக வேகவிட வேண்டும். தீ கூடினால் நிறம்தான் வரும், வேகாது.

மாவிலிருந்து குருணைக்கு

புளிக்க வேண்டியதில்லை என்று தெரிந்த பிறகுதான் எங்களுக்கு இன்னொன்று உறைத்தது. இட்லி மாவை ஈரமாகத்தான் விற்க முடியும், அதைப் புளிக்கவைப்பதே வேலை. புளிக்க வேண்டாத அடையை ஏன் ஈர மாவாக விற்று வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டும்? இப்போது 1 கிலோ புழுங்கல் அரிசிக்குத் துவரை கால் கிலோ, கடலைப் பருப்பு கால் கிலோ, உளுந்து 125 கிராம், பாசி 125 கிராம் என்று எடுத்து, திருகையில் ரவையாக உடைத்து அடைக் குருணையாக விற்கிறோம். துவரையை மண் போகக் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் சுக்காகக் காயவைத்த பிறகுதான் உடைப்போம். உடைக்கும்போது விழும் மாவைச் சலித்து எடுத்துவிடாதீர்கள், அதுதான் பசை. வாங்குகிறவர்கள் ஒரு டம்ளர் குருணைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு இரண்டு மணி நேரம் ஊறவைத்து, உப்பும் வத்தல் விழுதும் கலந்து, வேண்டுமானால் ஒரு கை தண்ணீர் தெளித்து ஊற்றிக்கொள்ளலாம். ரவையாக உடைந்துவிட்டதால் அரிசியும் பருப்பும் இப்போது ஒன்றாகவே ஊறிவிடுகின்றன.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. தவிட்டு அரிசியை உடைத்ததும் தவிட்டில் உள்ள எண்ணெய் காற்றுப் பட்டுக் காறத் தொடங்கும். புழுங்கல் அரிசியில் இது தாமதமாகும், பச்சரிசியில் சீக்கிரம் வரும். அதனால் புழுங்கல் மட்டுமே போடுகிறோம், சந்தைக்கு இரண்டு நாள் முன்புதான் உடைக்கிறோம், மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள் என்று பையிலேயே எழுதி ஒட்டுகிறோம்.

போன மாதச் சந்தையில் அந்த ஆசிரியை வந்தார். பையைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "பருப்புல ஒண்ணும் இல்லையா அப்போ?" என்று கேட்டார். ஊறவைத்தது எங்கள் தப்பு என்று சொன்னேன். இரண்டு கிலோ குருணையும், கூடவே ஒரு கிலோ துவரம் பருப்பும் வாங்கிப் போனார்.